பத்தி நழுவிய வங்கி அறிக்கை: கையால் நகர்த்துவதா, இருப்பை வைத்து மீட்பதா, பக்கத்திலிருந்து மறுபடி எடுப்பதா?

வங்கி அறிக்கை பி.டி.எஃப். கோப்பாகத்தான் இருக்கிறது. அதை எக்செலுக்கு மாற்றினால் வரவுத் தொகை பற்றுப் பத்தியிலும், இருப்புத் தொகை வரவுப் பத்தியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்கள், வருமான வரிக் கணக்குத் தயாரிப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது மாட்டியிருப்பார்கள். அப்போது எழும் கேள்வி ஒன்றுதான்: இருப்பதை வைத்துத் திருத்துவதா, முதலிலிருந்து எடுப்பதா?

முதலில் ஒரு விலக்கு. அந்த வங்கியின் இணையக் கணக்கில் நுழைந்து அதே காலத்துக்கான அறிக்கையை எக்செல் அல்லது சி.எஸ்.வி. வடிவில் இறக்க முடியுமானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. கணக்கு மூடப்பட்டிருக்கலாம், பழைய ஆண்டின் அறிக்கையாக இருக்கலாம், வாடிக்கையாளர் பி.டி.எஃப்பை மட்டும் அனுப்பிவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இனிச் சொல்லப்போவது எல்லாம்.

## ஏன் நழுவுகிறது

பெரும்பாலான வங்கி அறிக்கைகளின் பி.டி.எஃப்புக்குள் அட்டவணை என்று ஒன்று கிடையாது. "இந்தச் சொல்லை இடது ஓரத்திலிருந்து இத்தனை புள்ளி தள்ளி, இந்த உயரத்தில் வை" என்ற கட்டளைகள்தான் இருக்கின்றன. ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. ஏ4 தாளின் அகலம் ஏறத்தாழ 595 புள்ளிகள். வரவுப் பத்தி ஒரு வரிசையில் காலியாக இருந்தால் அங்கே "காலி" என்ற குறிப்பு எதுவும் இருக்காது. வெறும் வெள்ளைத்தாள்தான்.

மாற்றும் மென்பொருள் இந்தச் சொற்களை இடமிருந்து வலமாக அடுக்கி, இடையில் உள்ள வெற்றிடங்களைப் பார்த்துப் பத்திகளை ஊகிக்கிறது. வெற்றிடத்தை ஒன்றாகச் சுருக்கிவிட்டால் காலிக் கட்டம் காணாமல் போகிறது. அதற்கு வலப்பக்கம் இருந்தவை இடப்பக்கம் சரிகின்றன. இன்னொரு வகையும் உண்டு. ஒரு பக்கம் முழுக்கப் பற்றுகள் மட்டுமே இருந்தால், வரவு என்ற பத்தி அந்தப் பக்கத்தில் இருப்பதே மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது ஆறு பத்தி அறிக்கையில் அந்த ஒரு பக்கம் மட்டும் ஐந்து பத்தியாக வரும்.

ஒரு சிறு துண்டைப் பார்ப்போம். ஆரம்ப இருப்பு 48,250.00. பி.டி.எஃப்பிலிருந்து எடுத்தபின் கிடைத்தது இது:

| தேதி | விவரம் | காசோலை எண் | பற்று | வரவு | இருப்பு |
|---|---|---|---|---|---|
| 03/06 | யு.பி.ஐ., மளிகை | 1,200.00 | 47,050.00 | | |
| 04/06 | நெஃப்ட், வாடிக்கையாளர் | 15,000.00 | 62,050.00 | | |
| 05/06 | காசோலை, சரக்கு | 000412 | 8,500.00 | 53,550.00 | |
| 05/06 | வங்கிக் கட்டணம் | 118.00 | 53,432.00 | | |

காசோலை எண் இல்லாத வரிசைகளில் இருப்பு இரண்டு கட்டம் சரிந்திருக்கிறது. காசோலை எண் உள்ள வரிசையில் அது ஒரு கட்டம்தான் சரிந்திருக்கிறது. முதல் இரண்டு வரிசைகளையும் கவனியுங்கள்: ஒன்று பணம் போனது, மற்றொன்று பணம் வந்தது. ஆனால் சரிந்தபின் இரண்டும் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. எது பற்று, எது வரவு என்று சொல்லும் செய்தி இந்தக் கட்டங்களின் இடத்தில் இப்போது இல்லை. தேர்வு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் அமைகிறது: தொலைந்த அந்தச் செய்தியை எங்கிருந்து திரும்பப் பெறப் போகிறீர்கள்?

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன். எத்தனை வரிசைகள்? இதே வடிவ அறிக்கை மறுபடி வருமா? அட்டவணைக்குள்ளேயே தன்னைத் தானே சரிபார்க்கும் கணக்கு, அதாவது ஒவ்வொரு வரிசையிலும் இருப்பு, அச்சாகியிருக்கிறதா? பி.டி.எஃப்பில் எழுத்துகளைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முடிகிறதா, அல்லது வெறும் படமா?

மூன்றாவது கேள்விதான் பலரும் கேட்காமல் விடுவது. நான்கில் அதற்குத்தான் எடை அதிகம்.

## வழி 1: கையால் நகர்த்துவது

பி.டி.எஃப்பை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, எக்செலில் நழுவிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து `Shift cells right` கொடுத்து நகர்த்துவது. கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. ஒன்றிரண்டு பக்க அறிக்கை, ஒரே ஒருமுறை வேலை என்றால் இதைவிட விரைவானது வேறு இல்லை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் முப்பது வரிசைக்குக்கூட நிரல் எழுத உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அது வேலையைத் தள்ளிப்போடும் ஒரு வழி, அவ்வளவுதான்.

பத்துப் பக்கங்களைத் தாண்டும்போதுதான் இதன் மறைமுகச் செலவு தெரியும். கண் சோர்ந்தபின் பி.டி.எஃப்பைப் பார்ப்பது நின்றுபோய், விவரத்தைப் படித்தே பற்றா வரவா என்று முடிவு செய்யத் தொடங்கிவிடுவோம். "நெஃப்ட்" என்று பார்த்ததும் வரவு என்று கை தானாக நகர்த்தும். அது வெளியே அனுப்பிய நெஃப்டாக இருக்கும். திருப்பி அனுப்பப்பட்ட காசோலையும், ரத்தான யு.பி.ஐ. பணம் திரும்பி வந்ததும் இப்படித்தான் பக்கம் மாறிப் போகின்றன. அதோடு, எந்தக் கட்டத்தை நகர்த்தினோம் என்பதற்குத் தடயமே இல்லை. இரண்டு வாரம் கழித்து யாராவது கேட்டால் முழுவதையும் மறுபடி ஒப்பிட வேண்டும்.

இந்த வழியில் போகிறவர்கள் வேலையைத் தொடங்குமுன் ஓரத்தில் ஒரு வரிசை எண் பத்தி போட்டுவிட வேண்டும். பாதியில் யாராவது தேதிப்படி அடுக்கிவிட்டால், ஒரே தேதியில் நடந்த பரிமாற்றங்களின் மூல வரிசையைத் திரும்பக் கொண்டுவர அந்த எண் மட்டும்தான் உதவும்.

## வழி 2: இருப்பை வைத்து மீட்பது

கட்டத்தின் இடத்தில் தொலைந்த செய்தி, இருப்புத் தொகையில் இன்னும் இருக்கிறது. 48,250 என்ற இருப்பு 47,050 ஆனது என்றால் 1,200 போயிருக்கிறது. 47,050 என்பது 62,050 ஆனது என்றால் 15,000 வந்திருக்கிறது. பி.டி.எஃப்பைத் திரும்பிப் பார்க்காமலேயே இது தெரிந்துவிடுகிறது.

இதைச் செய்ய, நழுவியதை நேராக்க முயலாமல், எல்லா வரிசைகளையும் ஒரே மாதிரி நழுவவிடுவதுதான் நல்லது. சில வரிசைகள் சரியாக நின்று சில வரிசைகள் சரிந்திருந்தால் சூத்திரம் குழம்பும். எனவே தொகைகள் இருக்கும் `C` முதல் `F` வரையிலான கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, `Go To Special` வழியாக `Blanks` எடுத்து, `Delete`, பிறகு `Shift cells left` கொடுங்கள். எல்லாம் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒரு விதி எல்லா வரிசைக்கும் பொருந்தும்: கடைசியாக உள்ள எண் இருப்பு, அதற்கு முந்தையது தொகை, அதற்கும் முன்னால் ஏதாவது இருந்தால் காசோலை எண்.

வரிசை 2-இல் ஆரம்ப இருப்பு இருப்பதாகக் கொண்டால், `G3`-இல் தொகை, `H3`-இல் இருப்பு, `I3`-இல் பற்றா வரவா என்ற முடிவு:

```
G3: =VALUE(SUBSTITUTE(INDEX(C3:F3,COUNTA(C3:F3)-1),",",""))
H3: =VALUE(SUBSTITUTE(INDEX(C3:F3,COUNTA(C3:F3)),",",""))
I3: =IF(ROUND(H3-H2,2)=G3,"வரவு",IF(ROUND(H2-H3,2)=G3,"பற்று","பார்"))
```

`H`-க்கான சூத்திரத்தை `H2`-இலும் போட வேண்டும். `G`, `I` இரண்டும் மூன்றாம் வரிசையிலிருந்து தொடங்கினால் போதும். காற்புள்ளியை நீக்கும் பகுதி எதற்கென்றால், 1,25,000.00 போன்ற தொகைகள் பல நேரம் எண்ணாக வராமல் எழுத்தாக வந்து நிற்கும். நம் துண்டில் இதை ஓட்டினால் பற்று, வரவு, பற்று, பற்று என்று வரும். கடைசி 118 ரூபாய், 100 ரூபாய் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், இருப்பு 53,550-இலிருந்து 53,432 ஆகக் குறைவதால் பற்று என்பதில் ஐயமே இல்லை.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, "பார்" என்று வரும் வரிசைகள்தான். அவை சும்மா வருவதில்லை, ஒவ்வொன்றும் ஒரு குறையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே ஒரு "பார்" வந்து அடுத்த வரிசையிலிருந்து எல்லாம் சரியாகப் போனால், இடையில் ஒரு வரிசையாவது விடுபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இருப்புகளின் வித்தியாசத்தையும் அந்த வரிசையின் தொகையையும் ஒப்பிட்டால் விடுபட்டது எவ்வளவு என்பதும் தெரியும். ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் "பார்" என்பதற்குப் பதில் சூத்திரப் பிழை வந்தால், முன் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட இருப்பு தனி வரிசையாக நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வரிசையிலும் "பார்" என்றால் அறிக்கை அநேகமாகப் புதியது மேலே, பழையது கீழே என்று தலைகீழாக அச்சிடப்பட்டிருக்கும். முதலில் வரிசையைத் திருப்ப வேண்டும்.

மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு. விவரம் இரண்டு மூன்று அடிகளாக மடங்கியிருந்தால், தேதியும் தொகையும் இல்லாத மிச்ச அடிகள் தனி வரிசைகளாக வந்து சூத்திரத்தில் பிழை காட்டும். அவற்றை முன்னதாகவே மேல் வரிசையின் விவரத்தோடு ஒட்டிவிட வேண்டும். அழித்துவிடலாம் என்று தோன்றும்; ஆனால் பணம் யாருக்குப் போனது என்ற பெயர் பல நேரம் அந்த இரண்டாம் அடியில்தான் இருக்கும். வெறும் இடைவெளி எழுத்து மட்டும் உள்ள கட்டம் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தாலும் `COUNTA` அதையும் எண்ணிவிடும். காசோலை எண் 000412 என்பது எண்ணாக மாறி 412 ஆகிவிடும், அந்தப் பத்தியை எழுத்தாகவே இறக்க வேண்டும். மிகைப்பற்றுக் கணக்கு என்றால் இருப்பின் பின்னால் பற்று, வரவு என்பதைக் குறிக்கும் எழுத்துகள் ஒட்டியிருக்கும். அவற்றை நீக்கி, பற்று இருப்புகளுக்குக் கழித்தல் குறி போட்ட பிறகுதான் கழித்துப் பார்க்க முடியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரம்பு: ஒவ்வொரு வரிசையிலும் இருப்பு அச்சாகியிருக்க வேண்டும். நாளின் கடைசிப் பரிமாற்றத்துக்கு மட்டும் இருப்பு போடும் அறிக்கைகளில் இந்த வழி ஓடாது.

## வழி 3: எல்லைகளைச் சொல்லிப் பக்கத்திலிருந்து மறுபடி எடுப்பது

செய்தி தொலைந்தது மாற்றும்போதுதான். பி.டி.எஃப்பில் அது இன்னும் இருக்கிறது. மென்பொருளை ஊகிக்கவிடாமல், பத்தி எங்கே முடிகிறது என்று நாமே சொல்லிவிட்டால் காலிக் கட்டம் காலியாகவே வரும்.

அதற்கு முதலில் அளவெடுக்க வேண்டும். பாப்ளர் தொகுப்பில் உள்ள `pdftotext` ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் புள்ளிக் கணக்கில் தரும்:

```
pdftotext -bbox -f 1 -l 1 statement.pdf page1.html
```

வரும் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் `xMin`, `xMax` என்று இரண்டு எண்கள் இருக்கும். விவரப் பத்தி இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதற்கு `xMin` மாறாது. தொகைப் பத்திகள் வலது ஓரத்தில் ஒட்டியிருக்கும், 118.00 ஆனாலும் 1,25,000.00 ஆனாலும் அவற்றின் `xMax` ஒன்றாகவே இருக்கும், `xMin` மட்டும் அலையும். ஆகவே தொகைப் பத்திக்கு எல்லை போடும்போது `xMax`-ஐப் பிடிக்க வேண்டும். பற்றுத் தொகைகளெல்லாம் 388-இல் முடிகின்றன, வரவு 470-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லையை இரண்டுக்கும் நடுவில் 429-இல் போடுவது நியாயமாகத் தோன்றும். சிறிய தொகைகள் வரும்வரை அது சரியாகவே வேலை செய்யும். எட்டு இலக்க வரவு ஒன்று வந்தால் அது இடப்பக்கம் நீண்டு அந்தக் கோட்டைத் தாண்டி, முன்பகுதி பற்றிலும் பின்பகுதி வரவிலுமாகப் பிளந்துவிடும். எல்லையின் இடம் 392. அதாவது இடப்பக்கப் பத்தியின் வலது ஓரத்தை ஒட்டி. தலைப்புச் சொற்களின் இடத்தை நம்ப வேண்டாம், அவை நடுவில் நிறுத்தப்பட்டிருக்கும்.

இந்த எல்லைகளை, பி.டி.எஃப்பிலிருந்து அட்டவணை எடுக்கும் மென்பொருளான டாபுலாவின் கட்டளை வடிவத்துக்குக் கொடுத்தால் சி.எஸ்.வி. கிடைக்கும். அதை ஓட்டக் கணினியில் ஜாவா வேண்டும்:

```
java -jar tabula.jar -t -p all -c 85,255,310,392,474 -o out.csv statement.pdf
```

ஆறு பத்திக்கு ஐந்து எல்லைகள். பற்று மட்டுமே உள்ள பக்கத்திலும் வரவுப் பத்தி காலியாக வந்து நிற்கும். அடுத்த மாதம் அதே வங்கி, அதே வடிவம் என்றால் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை என்பதும் முக்கியம். பிறருடைய வங்கி அறிக்கையை இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்களில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

இந்த வழியின் செலவு முழுவதும் தொடக்கத்திலேயே இருக்கிறது. நிறுவுவதும் அளவெடுப்பதும் பழகாதவருக்கு அரை நாளை விழுங்கிவிடும். வங்கி அறிக்கையின் வடிவத்தை மாற்றினால் பழைய எல்லைகள் சத்தமில்லாமல் தவறாகும், பிழைச் செய்தி எதுவும் வராது. மடங்கிய விவரத்தை இந்த வழியும் தீர்ப்பதில்லை. சில அறிக்கைகளில் மூன்று அடி விவரத்தின் நடு அடிக்கு நேராகத் தேதியும் தொகையும் நிற்கும். "தேதி இல்லாத அடியை மேல் வரிசையோடு சேர்" என்ற விதியை அங்கே போட்டால், ஒருவருடைய பெயரின் முதல் அடி முந்தைய பரிமாற்றத்தோடு ஒட்டிக்கொள்ளும். தொகைகள் எல்லாம் சரியாக இருக்கும், பெயர்கள் மட்டும் மாறியிருக்கும். எந்தக் கூட்டலும் அதைக் காட்டிக்கொடுக்காது. முதல் பத்து வரிசைகளின் விவரத்தைக் கண்ணால் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கையால் | இருப்பை வைத்து | மறுபடி எடுத்து |
|---|---|---|---|
| பொருந்தும் அளவு | ஒன்றிரண்டு பக்கம் | எத்தனை பக்கமும் | பல பக்கம், பல மாதம் |
| தேவை | பொறுமை | வரிசைதோறும் இருப்பு | தேர்ந்தெடுக்கக்கூடிய எழுத்து |
| விடுபட்ட வரிசை தெரியுமா | தெரியாது | தெரியும் | தனியாகச் சோதித்தால் தெரியும் |
| அடுத்த மாதம் | முதலிலிருந்து | சூத்திரத்தை ஒட்டினால் போதும் | கட்டளையை ஓட்டினால் போதும் |
| ஏமாற்றும் இடம் | விவரத்தைப் படித்து ஊகிப்பது | தலைகீழ் வரிசை, மிகைப்பற்று | வடிவ மாற்றம், நடு அடித் தேதி |

ஒரே ஒரு ஆண்டின் அறிக்கை, வரிசைதோறும் இருப்பு இருக்கிறது என்றால் நான் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன், மூன்றாவதைத் தொடவே மாட்டேன். மாதாமாதம் அதே வங்கியிலிருந்து வரும் வேலை என்றால் மூன்றாவது. அதன் முடிவை இரண்டாவது வழியின் கணக்கால் சோதிக்க ஒரு பத்தி போதும். தொகைகள் எண்ணாக மாறியபின் இது எல்லா வரிசையிலும் 0 காட்ட வேண்டும்:

```
=ROUND(F2-D3+E3-F3,2)
```

இருப்பே இல்லாத அட்டவணைகளில், உதாரணமாகக் கிளைவாரியான விற்பனைப் பட்டியலில், மூன்றாவது வழியைத் தவிர நம்பத்தக்கது இல்லை. அங்கே சோதனைக்குக் கடைசிக் கூட்டுத்தொகை மட்டுமே மிஞ்சும். தொகை பக்கத்துப் பத்திக்கு நழுவினாலும் அந்த வரிசையின் குறுக்குக் கூட்டல் மாறாது என்பதை நினைவில் வையுங்கள். நழுவலைப் பிடிக்கப் பத்திவாரியாகக் கீழ்நோக்கிக் கூட்டி, அச்சில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும்.

## எழுத்தே இல்லாத பி.டி.எஃப்.

சுட்டியால் இழுத்தால் எழுத்து தேர்வாகாமல் பக்கம் முழுக்க ஒரே படமாகப் பிடிபட்டால், அது வருடி எடுத்த அறிக்கை. டாபுலாவுக்கு அதில் படிக்க எதுவும் இல்லை. `pdftotext` வெற்றுக் கோப்பைத்தான் தரும். எழுத்துணரி மென்பொருளை ஓட்டி எழுத்தாக்கிய பிறகும், தாள் சற்றுச் சாய்ந்து வருடப்பட்டிருந்தால் மேலே 388-இல் முடியும் பத்தி கீழே 395-இல் முடியும். நேராக்காமல் எல்லை போட்டால் பக்கத்தின் பாதியில் மறுபடி நழுவல் தொடங்கும்.

இங்கே பத்து பக்கமானாலும் இருப்புக் கணக்குக்கே என் வாக்கு. எழுத்துணரி 3-ஐ 8 என்றும், 1-ஐ 7 என்றும் படிப்பது வழக்கம். தொகையில் ஓர் இலக்கம் தவறினால் அந்த ஒரு வரிசையில் மட்டும் "பார்" வரும். இருப்பில் ஓர் இலக்கம் தவறினால் அந்த வரிசையிலும் அடுத்த வரிசையிலுமாக அடுத்தடுத்து இரண்டு "பார்" வரும். பி.டி.எஃப்பில் எந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.